ஓரத்துக்கு மட்டும் வெள்ளை

என் கண்ணைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் பாதியில் 'த்சொ, த்சொ' என்று உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு ஆகாது. யாராவது என்னைத் திட்டினால்கூடப் பதிலுக்குத் திட்டலாம். உச்சுக்கொட்டுகிறவர்களை என்ன செய்வது?

மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது எங்கள் தெருவில் அம்மை போட்டது. எனக்கும் போட்டது. மாரியாத்தா என் உயிரை எடுக்காமல் விட்டாள், ஆனால் கருவிழி இரண்டிலும் வெள்ளைத் தழும்பை வைத்துவிட்டுப் போனாள். வலது கண்ணில் பகலா இரவா என்பது தெரியும், அவ்வளவுதான். இடது கண்ணில் உருவம் தெரியும். ஆனால் எப்படித் தெரியும் என்றால், நாங்கள் நெசவு செய்கிற குடும்பம், பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சிக்குள் முங்கிக் கிடக்கும் நூல் எப்படித் தெரியுமோ அப்படி. எதிரே வெயில் அடித்தால் அதுவும் போய் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைப் பார்த்து ஊரார் சிரிப்பார்கள். எனக்கோ நம்பினாலும் நம்பாவிட்டாலும் எல்லாம் பால்தான்.

மிஷன் ஆஸ்பத்திரிக்கு வீட்டுக்காரர் கூட்டிப்போனார். அங்கே இருந்த டாக்டரம்மா தழும்பை எடுக்க வழியில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். "போனது வராது, இருக்கிறது இருக்கும். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து, நீங்கள் பார்க்கிற பொருள் மேல் விழட்டும். கண்ணின் மேல் விழ வேண்டாம்" என்றார். கேட்டுக்கொண்டு வந்தேன். எங்கள் அம்மாபேட்டையில் எந்த வீட்டில் பொம்பளைக்கென்று வெளிச்சத்தைத் திருப்பி வைத்திருக்கிறார்கள்? அந்தப் பேச்சு ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுபோயிற்று.

பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன். சமைத்தேன், ராட்டை சுற்றினேன், மகளை வளர்த்தேன், எடப்பாடியில் நல்ல தறிக்காரக் குடும்பத்தில் கட்டியும் கொடுத்தேன். முட்டியில் எப்போதும் ஒரு காயம் ஆறிக்கொண்டிருக்கும், இன்னொன்று புதிதாக இருக்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. தெருப்பக்கம் கூடம், கூடத்தில் தறி, அதைத் தாண்டி ஒரு நடை, இரண்டு படி கீழே இறங்கினால் சமையல்கட்டு, அதற்குப் பின்னால் கிணற்றடி. நடை முழுக்க நூல் கூடை, ராட்டை, கஞ்சிச் சட்டி, யாரோ எப்போதோ வைத்த முக்காலி. நெசவுக்காரர் வீட்டில் கால் வைக்க இடம் இருந்தால் தொழில் படுத்துவிட்டது என்று அர்த்தம்.

மகள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் கட்டுச்சோறு கட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பெண்ணை அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு முன்னால் சம்பந்தியம்மா ஒரு நாள் மதியத்துக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வந்தார். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்க வந்தவர், அப்படியே மருமகள் வந்து இருக்கப் போகிற இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். கெட்டிக்காரி. வாய் இனிக்கும், கண் எடை போடும்.

காப்பி கலந்து எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். தறிக்குழியை நான் எப்படிக் கண்டுகொள்வேன் என்று அதுவரை நானே யோசித்ததில்லை. எங்கள் தறி குழித்தறி. தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார்கள். பகலெல்லாம் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்திருப்பார். கரிய உடம்பு, தறியில் நீட்டிக் கட்டின பாவு நூலோ வெண்பட்டு. அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் ஒதுங்கி நடந்திருக்கிறேன். அன்றைக்குச் சம்பந்தி வந்திருக்கிறார் என்று மரியாதைக்கு எழுந்து வெளியே போய்விட்டார். மேற்கு ஜன்னலில் சாயங்கால வெயில் நேராக என் முகத்தில் அடித்தது. நடை முடிகிற இடத்தில் சம்பந்தியம்மா தன் மளிகைக் கூடையை வைத்திருந்தார். கால் அதில் இடித்ததும் பக்கவாட்டில் ஓரடி ஒதுங்கினேன். ஒதுங்கின இடம் குழி.

இடுப்பளவு உள்ளே போனேன். காப்பி பாவின் மேல் கொட்டியது. கை எலும்பு முறியாதது குலதெய்வத்தின் புண்ணியம்.

சம்பந்தியம்மா பதறிப் போய்த் தூக்கிவிட்டார். "ஏனுங்க சம்பந்தி, அடி பட்டுப்போச்சுங்களா?" என்று முட்டியைத் தேய்த்துவிட்டார். அந்த அன்பில் பொய் இல்லை. ஆனால் உட்கார்ந்து மூச்சு வாங்கினதும் சொன்னார்: "நானு சொல்றேன்னு மனசுல வெச்சுக்காதீங்க. பிரசவத்த எங்க ஊட்டுலயே பாத்துக்கறனுங்க. பச்சப்புள்ளையத் தூக்கிட்டு நீங்க இப்புடி உழுந்தா என்னுங்க பண்றது?"

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் உடம்பெல்லாம் எரிந்தது. என் பெண் முதல் முதலாக வலியெடுத்துக் கத்தும்போது நான் இங்கே உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருக்க வேண்டுமா? பெற்றவள் உயிரோடு இருக்கும்போதே?

"கட்டுச்சோறுக்கு இன்னும் நாள் இருக்குதுங்க" என்றேன் கடைசியில். "அதுக்குள்ள நீங்க மறுபடியும் ஒரு தடவ வாங்க. என்னைக்குன்னு சொல்ல வேண்டாம். இந்த வீட்டுல நான் நடக்கறதப் பாருங்க. அப்பவும் உங்க மனசு ஒப்பலேன்னா பொண்ணக் கேட்கவே மாட்டேன்."

"இது என்னுங்க பந்தயமா?" என்றார்.

"ஆமாங்க."

அவர் போன பிறகு அழுதேன். அழுது முடித்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் பேச்சு கம்மி. "படிக்கு, குழிக்கெல்லாம் வெள்ளையடிச்சு உட்டா உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். நான் செய்த தப்பு, அதோடு நிறுத்திக்கொண்டதுதான். எங்கே, எவ்வளவு என்று சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள் மனுஷர் சுண்ணாம்பும் காவியும் கரைத்து வீட்டையே மாற்றிவிட்டார். படிகள், குழியின் விளிம்பு, நடையின் இரண்டு பக்கச் சுவரடி, எல்லாவற்றிலும் கோயில் மதில் மாதிரி வெள்ளைப் பட்டை, காவிப் பட்டை, வெள்ளைப் பட்டை, காவிப் பட்டை. ஆசை ஆசையாக அடித்திருக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து, தேர்த்திருவிழா நம் தெருவுக்கே வந்துவிட்டது என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் அந்த மகிழ்ச்சியில் நடைக்குள்ளேயே ஒரு பெரிய சிக்குக்கோலமும் போட்டு வைத்துவிட்டுப் போனாள்.

நான் நடையில் வந்தேன். கோலத்தின் முதல் கோடு எனக்குப் படியின் விளிம்பாகத் தெரிந்தது. இல்லாத படியில் இறங்கக் காலை நீட்டி, தரையில் தொம்மென்று மிதித்ததில் பல் ஆடியது. சரி, அது கோலம் என்று தெரிந்துகொண்டு அடுத்த கோட்டையும் கோலம் என்றே நினைத்தேன். அது படி. உட்கார்ந்தபடியே சமையல்கட்டுக்குள் வந்து சேர்ந்தேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். எங்கள் வீட்டில் குரங்குக்குப் பட்டைப் பட்டையாகச் சட்டையும் தைத்துப் போட்டிருந்தார்கள்.

"கோயில் மதில் மாதிரிதான் இருக்குது. கும்பிடலாம். நடக்க முடியாதுங்க" என்று கத்தினேன். "இத்தன கோடு இருந்தா இதுல எதுங்க விளிம்பு?"

வீட்டுக்காரர் போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் விழுந்தது நானல்லவா?

அடுத்த நாள் காலையில் தறிச் சத்தம் நடுவில் நின்றது. இழை அறுந்திருக்கும். வெண்பட்டுப் பாவில் அறுந்த இழையைத் தேடுவது கண்ணுள்ளவர்களுக்கே பெரும்பாடு. அதற்கு அவர் எப்போதும் செய்கிற ஒன்று உண்டு. பாவுக்கு அடியில் ஒரு கறுப்புத் துணியை விரிப்பார். கறுப்பின் மேல் இழை வரிசையும், நடுவில் அறுந்து விழுந்த சந்தும் பளிச்சென்று தெரியும். நான் நடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். இழை எனக்கு எங்கே தெரியப் போகிறது? அந்தக் கறுப்பு மட்டும் தெரிந்தது.

"ஏ புள்ள, இங்க வா" என்று கூப்பிட்டார். "இந்தத் துணி முழுக்கக் கறுப்பா இருக்கறதால இழ தெரியுது. இதுலயே நான் பட்ட பட்டயாப் போட்டிருந்தா?"

"இழையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது."

"அதேதான் நானு பண்ணிப்போட்டேன்" என்றார். சிரிக்காத மனுஷர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நிமிஷத்திலிருந்து அது எங்கள் இரண்டு பேர் வேலை ஆயிற்று. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதும் அப்போதுதான்.

பட்டைகளை எல்லாம் சுரண்டி எடுத்தோம். சாணத்தோடு அடுப்புக்கரியை அரைத்துக் கலந்து, கூடம், நடை, படி எல்லாவற்றையும் ஒரே கறுப்பாக மெழுகினேன். காய்ந்ததும், நான் சொல்லச் சொல்ல அவர் சுண்ணாம்பு அடித்தார். படியின் ஓரத்துக்கு மட்டும். மேல்பக்கம் நாலு விரல் அகலம், அப்படியே மடக்கி முகப்பிலும் நாலு விரல். மேலே மட்டும் அடித்தால் கீழேயிருந்து ஏறி வரும்போது எனக்குத் தெரியவில்லை. முகப்பில் மட்டும் அடித்தால் இறங்கும்போது தெரியவில்லை. இதை நாங்கள் அடித்துப் பார்த்து, நடந்து பார்த்து, அழித்து, மறுபடி அடித்துத்தான் கண்டுபிடித்தோம். தறிக்குழியைச் சுற்றி அதே மாதிரி ஒரு வெள்ளைக் கரை போட்டோம். அவர் எழுந்து போகும்போது குழியை மூடப் பலகையும் செய்தார். அத்தனை வருஷமாக அந்தக் குழி திறந்தேதான் கிடந்தது! பலகை என்று ஒன்று யாருக்கும் தோன்றவில்லை. மெழுகுகிற ஒவ்வொரு வாரமும் சுண்ணாம்பு மங்கிவிடும். அதனால் மெழுகுவது என் வேலை, அன்றைக்கே ஓரம் தீட்டுவது அவர் வேலை என்று வைத்துக்கொண்டோம். கோலம் தெருவாசலோடு சரி. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மனத்தாங்கல்தான். வாசலில் இரண்டு பங்கு பெரிதாகப் போட்டுக்கொள் என்று சமாதானம் சொன்னேன்.

அப்புறம் சாமான்கள். இதில்தான் வீட்டுக்காரருக்கும் எனக்கும் மகாபாரதம் நடந்தது. நூல் கூடை கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லாவிட்டால் அவருக்குக் குறுக்கிழை விடுகிற நாடா ஓடாது. நடையில் எது கிடந்தாலும் எனக்குக் கால் ஓடாது. கடைசியில் தறிக்குப் பின்சுவரில் முளைக்குச்சி அடித்துக் கூடைகளைத் தொங்கவிட்டோம். ராட்டை ஒரே மூலையில், முக்காலி அதன் அடியில். தலையில் இடிக்கிற துணிக்கொடி கிணற்றடிக்குப் போயிற்று. கதவு என்றால் சுவரோடு ஒட்டத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சாத்தியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நெற்றிக்கு நேராக நிற்கும், என் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாது. "எடுத்தா எடுத்த இடத்துல வெக்கணும்" என்று நான் சொன்ன தடவைகளுக்கு ஒரு கோயில் கட்டியிருக்கலாம்.

வெளிச்சம் மட்டும் பாக்கி. அப்போதுதான் அந்த டாக்டரம்மா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. மேற்கு ஜன்னலுக்கு மூங்கில் தட்டி கட்டினோம். வெயில் முகத்தில் பாயாமல், வெளிச்சம் மட்டும் கசிந்து வந்தது. சமையல்கட்டுப் படிக்கு நேர் மேலே கூரையில் இரண்டு மண் ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டோம். பகலில் படி மட்டும் தனியாகத் தெரிந்தது. ராத்திரிக்குச் சிமினி விளக்குகள். எரிகிற சுடர் கண்ணில் பட்டால் எனக்கு ஆகாது. சீமெண்ணெய் டின்னை வெட்டி வளைத்துக் கண் பக்கத்தை மறைத்துக் கொடுத்தார். குழிக்குப் பக்கத்தில் ஒன்று, படிக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டும் முழங்கால் உயரத்தில் மாடத்துக்குள். வெளிச்சம் தரையில் மட்டும் விழும். அடுப்படியில் என் தோளுக்குப் பின்னால் சாய்வாக ஒன்று.

சமையல்கட்டிலும் என் புத்தி ஓடத் தொடங்கிவிட்டது. மோரை வெள்ளைப் பீங்கானில் ஊற்றினால் எனக்கு மோரும் இல்லை, பீங்கானும் இல்லை. கறுத்த கல்சட்டியில் ஊற்றினேன், எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. புளிக்கரைசலுக்குப் பீங்கான். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், அன்றைக்குச் சிந்தாமல் மோர் ஊற்றினதற்கு எனக்கு அவ்வளவு கர்வம்.

முட்டிக் காயங்கள் ஆறின. புதிதாக ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குள் சுவரைத் தடவாமல் நடந்தேன். கை வீசி நடப்பது எவ்வளவு சுகம் என்பது தடவி நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சம்பந்தியம்மா விளக்கு வைக்கிற நேரமாகப் பார்த்து வந்தார். வெளிச்சமும் இருட்டும் கலந்த நேரம் எனக்கு ஆகாது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார். கெட்டிக்காரி என்று முன்பே சொன்னேனே. நான் கிணற்றடியில் இருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவரை வீட்டுக்காரர் கடைத்தெருவிலேயே பார்த்துவிட்டிருக்கிறார். மனுஷருக்கு மறுபடியும் ஆசை வந்துவிட்டது. அங்கேயே கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற கேஸ் லைட் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, காற்றடித்து, கூடத்து விட்டத்தில் மாட்டிவிட்டார். சம்பந்தி வீட்டார் முன்னால் வீடு ஜொலிக்கட்டும், இவளுக்கும் நன்றாகத் தெரியட்டும் என்று.

நான் கூடத்துக்குள் வந்தேன். புஸ்ஸென்று சத்தம். அவ்வளவுதான், உலகமே பாலில் முங்கிப்போயிற்று. ஓரம் இல்லை, குழி இல்லை, ஆள் இல்லை.

"வாங்க சம்பந்தி" என்று சத்தம் வந்த பக்கம் கும்பிட்டேன்.

சம்பந்தியம்மா சுற்றி வளைத்துப் பேசவில்லை. அம்மிக் குழவியை எடுத்துவரச் சொல்லி, ஒரு பழைய வேட்டியில் சுற்றி என் இரண்டு கையிலும் கொடுத்தார். தொட்டில் போடும்போது குழந்தைக்கு முன்னால் குழவிக்கல்லைத்தானே கைமாற்றுவோம். "இது நம்ம பேரன்னு நெனச்சுக்கங்க" என்றார். "தூக்கிட்டுப் பொறக்கட வரைக்கும் போயிட்டு வந்து என்ற கையில குடுங்க. நானு பாக்கறேன்."

கனமான கல். கை இரண்டும் அடைபட்டுவிட்டது. சுவரைத் தொட முடியாது, துழாவ முடியாது. கால் நகரவில்லை. முடியவில்லை என்று சொன்னால் பெண் போய்விடுவாள். சொல்லாமல் நடந்தால், அவசரத்தில் அவர் பலகையைப் போட மறந்திருந்தால், குழிக்குள் போவேன், கல் என் நெஞ்சின் மேலேயே விழும். அத்தனை நாள் மெழுகினதும் தீட்டினதும் அந்த ஒரு விளக்கில் அழிந்துபோய்விட்டது. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நல்லவேளை, எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் சீக்கிரம் வரும்.

"அந்த லைட்டை அணைங்க" என்றேன்.

"ஏனுங்க சம்பந்தி" என்றார் அவர், "இருக்கற வெளிச்சத்தயும் அணச்சுப்போட்டு எப்படீங்க நடப்பீங்க?"

"வெளிச்சம் என் கண்ணுல விழுந்து எனக்கு என்னங்க லாபம்? தரையில விழணும். அணைக்கச் சொல்லுங்க. மாடத்து விளக்குகளை ஏத்தட்டும்."

வீட்டுக்காரர் பதறிப்போய் அணைத்தார். மாட விளக்குகளை ஏற்றுகிற சத்தம் கேட்டது. நான் அசையாமல் நின்றேன். அதையும் கற்றுக்கொண்டிருந்தேன். பெரிய வெளிச்சத்திலிருந்து சின்ன வெளிச்சத்துக்கு வந்தால் கண் பழகுகிற வரைக்கும் கால் எடுக்கக் கூடாது. கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காத்திருந்தேன். பால் மெல்ல வடிந்தது. இருட்டுக்குள்ளிருந்து வலது பக்கம் ஒரு வெள்ளைக் கோடு எழுந்து வந்தது. தறிக்குழியின் கரை. அதற்கு இந்தப் பக்கம் கறுப்பு, வெறும் கறுப்பு, என் வழி. என் வீட்டை நான் பார்த்தேன்.

நடந்தேன். குழியைத் தாண்டினேன். நடைக்குள் நுழைந்தேன். படி நெருங்குகிற இடத்தில், கறுப்புத் தரையில் வெளிறின ஒரு சதுரம் கிடந்தது. அந்த இடத்தில் வெள்ளை கிடையாது. நின்றுவிட்டேன்.

"மணையைத் தூக்கி நடையில போட்டது யாருங்க?"

உட்காருகிற மணைப்பலகை அது, பலா மரம். பழைய நடையில் நூறு சாமானோடு நூற்றொன்றாக அது மறைந்து கிடந்திருக்கும், நானும் விழுந்திருப்பேன். இப்போது காலியான கறுப்புத் தரையில் அது ஒன்றுதான் இருந்தது. ஒளிய இடமில்லை.

"நானுதானுங்க. லைட்ட அணச்சப்ப கொண்டாந்து போட்டனுங்க" என்றார் சம்பந்தியம்மா, பின்னாலிருந்து. குரல் இறங்கியிருந்தது.

"எடுத்துச் செவுத்து ஓரமா சாத்திடுங்க. எங்க வீட்டுல வழியில எதையும் வெக்கக் கூடாதுங்க. யாரா இருந்தாலுஞ் சரி."

எடப்பாடியில் பத்துத் தறிக்கு எஜமானி, சம்பந்தியம்மா, குனிந்து மணையை எடுத்துச் சுவரோரம் சாத்தினார். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது.

படியின் வெள்ளை ஓரம் தெரிந்தது. இறங்கினேன். சமையல்கட்டைக் கடந்து, சுவரோடு ஒட்டத் திறந்திருந்த கதவைக் கடந்து, கிணற்றடி வாசலைக் காலால் தொட்டுவிட்டுத் திரும்பினேன். ஏறினேன். கல் ஏற ஏறக் கனத்தது, தோள் கடுத்தது, ஆனால் காலுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கூடத்தில் அவருடைய வெளிர்நிறச் சேலை தெரிந்தது. நேராகப் போய் அவர் கையில் கல்லை வைத்தேன்.

அவர் அதை வாங்கி, கீழே வைக்காமல், மெய்யாகவே குழந்தையைப் பிடிக்கிறாற்போல் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "கட்டுச்சோறு என்னைக்குங்க எடுத்துட்டு வாரீங்க?"

வீட்டுக்காரர் விட்டத்துக் கேஸ் லைட்டைக் கழற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று முணுமுணுத்தார். அழுகையை மறைக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

மகள் வந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி, இந்த வீட்டில்தான் வெந்நீரோடு கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம் என்றாள். குழந்தையை மெரூன் கலர்ச் சேலையின் மேல், வெளுத்த வேட்டித் துணியில் சுற்றிப் படுக்க வைப்பேன். எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால், எது உதைக்கிறது என்று எனக்குத் தெரியும். மகள் தூங்கட்டும் என்று நானே தூக்கிக்கொண்டு நடையில் மேலும் கீழும் உலாத்துவேன். ஒரு தடவைகூட அவன் என் கையில் குலுங்கினதில்லை.

மூன்றாம் மாதம் மகளையும் பேரனையும் எடப்பாடியில் கொண்டுபோய் விட்டோம். அந்த வீட்டுக்கு நான் அதற்கு முன்பும் போயிருக்கிறேன், எப்போதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. வாசலில் உயரமான கருங்கல் படிகள். அடுத்தவர் வீடு, எந்தப் பொருள் எங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கண் போன பின்பு அடுத்தவர் வீட்டுக்குப் போகிற ஆசையே எனக்கு விட்டுப்போயிருந்தது. அன்றைக்கு ஆரத்தி எடுத்து முடித்தார்கள். மகள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்தாள். யார் கை கிடைக்கும் என்று பழக்கத்தில் பக்கவாட்டில் திரும்பினேன்.

"பேரனத் தூக்கிட்டு நீங்களே மொதல்ல உள்ள வாங்க சம்பந்தி" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

குனிந்து பார்த்தேன். கருங்கல் படிகளின் ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை. முகப்பிலும் மடக்கி அடித்திருந்தது. அடுத்த படியிலும் அப்படியே. அதற்கு மேல் வாசற்படியிலும். உள்ளே நடை சுத்தமாகக் கறுப்பாக, காலியாகக் கிடந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வந்தால் கோடு மறையும், அதனால் துடைக்கிற வரை நின்றேன். பிறகு பேரனை அணைத்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் அந்தப் படிகளில் ஏறி உள்ளே போனேன்.